அக்தரி பேகத்தின் வேங்கைப் பலகை

ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பேட்டைக்குப் போகிற பாதையில் என் மரவாடி இருந்தது. பாதைக்கு எதிர்ப்பக்கம் ஆதிகேசவ ஆசாரியின் ஓலைக் கொட்டகை. பதினெட்டு வருஷம் எதிரும் புதிருமாகப் பிழைப்பு நடத்தினோம். அந்தப் பதினெட்டு வருஷமும் அந்த மனுஷன் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணம் இதுதான். நான் ஒன்றரை அங்குலப் பலகை கொடுப்பேன். வேறு ஆசாரிகள் மேலோட்டமாக நாலு இழைப்பு இழைத்து, மினுமினுப்பு வந்ததும் உளியை எடுத்து விடுவார்கள். இவர் எடுக்க மாட்டார். பலகை நாலு பக்கமும் ஒழுங்குக்கு வரும்வரை உளியும் கொட்டாப்புளியும் கோணிக்குள்ளேயே தூங்கும். நான் அறுத்துக் கொடுத்த நல்ல மரம் கால்வாசி சுருள் சுருளாக அவர் காலடியில் கிடக்கும். அதை என் பெண்சாதியே கூடையில் அள்ளி வந்து அடுப்பெரிப்பாள். பார்க்கிற எனக்கு எப்படி இருக்கும்?

"இன்னா ஆசாரி, இன்னுமா இழைக்கிற?" என்று பாதைக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன்.

"இன்னும் பலகை ஆகல வேலு" என்பார். "நீ குடுத்தது மரம்."

ஊரில் அவருக்கு 'நாளைக்கு ஆசாரி' என்று பெயர். கேட்டும் கேட்காதவர் மாதிரி இருப்பார். ஒல்லியான உடம்பு, வலது தோள் மட்டும் இடது தோளை விடக் கொஞ்சம் பெருத்திருக்கும். காலையில் ஒரு சொம்பு கூழ், மத்தியானம் ஒரு வெற்றிலை. பேச்சு அதைவிடக் கம்மி. அவருடைய பெண்சாதி கன்னியம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததற்கு அது வேண்டும். சம நீளத்தில், வளைவே இல்லாத இரண்டு குச்சிகள் வைத்திருந்தார். பலகையின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றும் குறுக்கே வைப்பார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடி, கிட்டத்துக் குச்சியின் மேல்விளிம்பு வழியாகத் தூரத்துக் குச்சியைப் பார்ப்பார். இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று சரியாகப் படிந்தால் பலகையில் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் தூக்கியிருந்தால் முறுக்கு இருக்கிறது. தூக்கிய மூலைகளில் கரியால் அடையாளம் போட்டு, அங்கே மட்டும் குட்டை இழைப்புளியால் குறுக்குவாட்டில் தள்ளித் தள்ளி இறக்குவார். மறுபடி குச்சி, மறுபடி கண். அப்புறம் நீட்டு இழைப்புளியால் நீளவாட்டில் ஓட்டுவார். அந்த முகம் தட்டையானதும் அதில் ஒரு சுழி போடுவார். அதன் பிறகு எல்லா அளவும் அந்த முகத்திலிருந்துதான். ஒரு விளிம்பை மூலைமட்டம் வைத்து அதற்குச் செங்குத்தாக்குவார். சுழி போட்ட முகத்தை ஒட்டியே சுற்றிலும் கனத்துக்குக் கோடு கீறுவார். பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தை அந்தக் கோடு வரைக்கும் இறக்குவார். முதல் முகம் தட்டையாகாமல் கனத்தைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். அப்போது எனக்கு அதன் அர்த்தம் புரியவில்லை. மரம் விற்றவன் நான். எனக்குக் கனம்தானே கணக்கு!

அவருக்கு ஊரில் ஒரே ஒரு தோஸ்த் உண்டென்றால் அது நயீம் அகமது. ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. மரக்கட்டை மேல் தோலை விரித்து, இரட்டைப் பிடிக் கத்தியால் சீவிச் சீவி ஒரே கனமாக்குகிற வேலையில் சிறு வயதில் சேர்ந்து மேலே வந்தவர். அவருடைய வாப்பாவும் அதே வேலைதான் செய்தார். ஒரு தோலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் போதும், எங்கே ஒரு மயிரிழை ஜாஸ்தி, எங்கே கம்மி என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களை நம்பி ஷாப்பில் வண்டி வண்டியாகத் தோல் கப்பலுக்குப் போனது.

1928-ல் நோன்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நயீம் இரண்டு ஆட்களோடு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜவ்வாது மலை வேங்கை. மூன்றரை அடி நீளம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒன்றரை அங்குலக் கனம், ஒரே பலகை. இந்த அகலத்தில் ஒரே பலகையாக வேங்கை கிடைக்காது. பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நயீமின் வாப்பா வாங்கிப் போட்டு இருபது வருஷமாகிறது. அவர் இறந்து எட்டு வருஷம். பலகை மட்டும் சுவரில் சாய்ந்தே நின்றிருக்கிறது.

"அம்மிக்கு ஒரு சவுக்கி வேணும் ஆசாரி" என்றார் நயீம், தன் தாயாருக்கு உட்கார்ந்து தொழ ஒரு குட்டைக்கால் பலகை கேட்டு. "உக்காந்துதான் தொழறாங்க. முட்டி மடங்கல. போன மாசம் ஒரு முக்காலி ஆடிச்சு, சாஞ்சு விழுந்துட்டாங்க. அதுலேர்ந்து எதுல உக்காந்தாலும் பயம். சுவத்தப் புடிச்சிக்கினே தொழறாங்க. பேஜாரா இருக்கு, பாக்க முடியல. நோன்புக்குள்ள வேணும்."

"ஆடக்கூடாது" என்றார் ஆசாரி.

"ஆடக்கூடாது. இன்னொண்ணு, அறுக்கவும் கூடாது. வாப்பா வாங்கினது முழுசா இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

ஆசாரி இரண்டு குச்சிகளையும் வைத்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இருபது வருஷம் சாய்ந்து நின்றதில் பலகை நன்றாகவே முறுக்கிக்கொண்டிருந்தது. எதிரெதிர் மூலைகள் இரண்டு மேலே, மற்ற இரண்டும் கீழே.

"மேல் முகத்துல கால் அங்குலம், கீழ கால் அங்குலம் போவும். ஒன்றரைல ஒண்ணு நிக்கும். ஒரு அங்குலம் போதும், தாங்கும்" என்றார்.

நயீம் காதில் அந்த 'ஒரு அங்குலம் போதும்' மட்டும்தான் ஏறியது என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆசாரி பலகையைப் பட்டறையில் கிடத்தி, ஆடாமல் இருக்க அடியில் தூக்கியிருந்த மூலைகளில் ஆப்பு செருகினார். மேலே தூக்கிய இரண்டு மூலைகளிலும் கரிக்கோடு போட்டார். அன்றைக்கென்று குடியாத்தத்திலிருந்து மச்சான் ஆள் அனுப்பிவிட்டான், பிள்ளைக்குக் காதுகுத்து, மாமன் முறைக்காரர் நேரில் வந்தே ஆக வேண்டும் என்று. கன்னியம்மா விடுவாளா? கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார்கள். மூன்று நாளில் திரும்புவதாகப் பேச்சு, ஆறு நாளாகிவிட்டது.

இனி வருவதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

நான்காம் நாள் நயீம் வந்து பூட்டிய கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வாடிக் கிடந்தது. அம்மி காலையில் தொழும்போது சுவரைப் பிடித்த கை வழுக்கிவிட்டதாம். விழவில்லை, ஆனால் அழுதுவிட்டாராம்.

"வேலு, சாவி குடு. கொஞ்சம் நானே இழைச்சு வெக்கிறேன். ஆசாரி வந்ததும் காலு பூட்டுற வேலய ஆரம்பிக்கலாம்."

"உனக்குத் தெரியுமா?"

"கத்தி புடிச்ச கைதானே? ஒரு அங்குலம்னு அவரே சொன்னாரு."

எனக்கும் ஆசாரியின் நிதானத்தின் மேல் உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்தது. சாவியைக் கொடுத்தேன். கொடுத்தது மட்டுமல்ல, தள்ளுகிற முறையையும் கிட்ட நின்று சொன்னேன், எனக்கே அரைகுறையாகத் தெரிந்ததை.

இரண்டு நாள் உழைத்தார் அந்த மனுஷன். வேங்கை லேசுப்பட்ட மரமில்லை, நரம்பு இப்படியும் அப்படியும் ஓடும். சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும். முதலில் கரிக்கோடு போகும்வரை இழைத்தார். பிறகு விரலால் ஓரத்தைப் பிடித்துச் சுற்றி வந்தார். கனமான இடத்தில் இழைத்தார், மறுபடி பிடித்துப் பார்த்தார். திருப்பிப் போட்டு, எங்கெங்கே தூக்கியதோ அங்கே ஆப்பு செருகி அந்தப் பக்கமும் இழைத்தார். தோலைச் சீவுகிறவன் எப்படிச் சீவுவானோ அப்படியே, நடுவிலிருந்து ஓரத்துக்கு. கடைசியில் ஷாப்பிலிருந்து கனம் பார்க்கிற இரும்புக் கவையைக் கொண்டு வந்து நாலு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தோம். எல்லா இடமும் ஒரே மாதிரி ஒரு அங்குலம். இம்மி பிசகவில்லை. நான் பிரமித்துப் போனேன். "ஆசாரி தோத்தாரு போ" என்று முதுகில் தட்டினேன்.

மறுநாள் காலை ஆசாரி வந்தார். பலகையைக் கையால் தடவினார்.

"யாரு இழைச்சது?"

நயீம் சிரித்துக்கொண்டே மார்பைத் தட்டினார்.

ஆசாரி இரண்டு குச்சிகளையும் எடுத்து வைத்தார். குனிந்தார். நிமிர்ந்தார். "வேலு, இங்க வா. பாரு" என்றார். நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். தூரத்துக் குச்சியின் ஒரு கோடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பலகைக்கு அடியில் கைவிட்டு ஆப்புகளை உருவினார். பலகையின் ஒரு மூலையில் கை வைத்தார். டக். எதிர் மூலையில் வைத்தார். டக்.

"கனம் ஒண்ணா இருக்கே ஆசாரி!" என்றார் நயீம். "எங்க வேணா பாருங்க, ஒண்ணா இருக்கு!"

"கனம் ஒண்ணாதான் இருக்குது. கோணலும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குது" என்றார் ஆசாரி. "தோல மேஜ மேல போட்டா படுத்துக்கும் மேஸ்திரி. பலகை படுக்காது."

அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக அவர் முதல் முகம், முதல் முகம் என்று அடித்துக்கொண்டது எனக்கு அந்த டக்கில்தான் விளங்கியது. முறுக்கை எடுக்க அப்போதும் அரை அங்குலம் வேண்டும், இப்போதும் அரை அங்குலம் வேண்டும். ஒன்றரையில் அரை போயிருந்தால் ஒன்று நின்றிருக்கும். இனி ஒன்றில் அரை போனால் நிற்பது அரை. அந்த அகலத்துக்கு அரை அங்குலப் பலகையில் ஆள் உட்கார்ந்தால் தொய்யும்.

"நீளவாட்டுல மூணா அறுத்தா தப்பிச்சிடும்" என்றேன் நான், குற்றவாளிக்கு வருகிற அவசரத்தோடு. நான் சொன்னதில் தப்பில்லை. அகலம் குறைந்தால் ஒவ்வொரு துண்டிலும் முறுக்கும் குறையும், கனம் மிஞ்சும்.

"அறுக்கக் கூடாதுன்னுட்டாங்களே" என்று நயீம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வாப்பா பலகைய நானே கெடுத்துட்டேன். அம்மிகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்வேன்?" நாற்பது வயது ஆள், பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆசாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே கிடந்த சுருள்களை ஓரமாகத் தள்ளினார், வெற்றிலை போட்டார், பலகையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. நாலு நாள்ல வா" என்றார்.

அந்த நாலு நாளில் அவர் செய்ததைப் பாதைக்கு எதிரே நின்று பார்த்தவன் நான். மேல் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தூக்கிய இரண்டு மூலைகளில் தொடங்கி, குச்சி வைத்து, கண் வைத்து, கண்ணாடி மாதிரித் தட்டையாக்கினார். சுழி போட்டார். சுற்று விளிம்புகளைச் செங்குத்தாக்கினார். அதோடு நிறுத்திவிட்டார். அடிப்பக்கத்தைத் தொடவே இல்லை. அது நயீம் விட்ட முறுக்கோடு அப்படியே இருந்தது. அதனால் பலகை ஒரு மூலையில் ஒரு அங்குலம், பக்கத்து மூலையில் அரை அங்குலம், எதிர்க்கோடியில் அதற்கு நேர் மாறாக, நடுவில் முக்கால் என்று நின்றது.

கனத்துக்குக் கோடு கீறாமல், மறுபக்கம் கோட்டுக்கு வராமல், அவர் உளியை எடுத்தார். கொட்டகையைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணில் படாமலிருக்க அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அடியில் தாங்க மூன்று குறுக்குச் சட்டங்கள். நடுச்சட்டம் நேராக. கோடிச் சட்டங்கள் இரண்டையும் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் அரை அங்குலம் தாழ்வாகவும் சரித்து இழைத்தார், ஒன்றுக்கொன்று எதிர்ச் சரிவாக. பலகை எங்கே மெலிந்ததோ அங்கே சட்டம் உயர்ந்து போய் அதை ஏந்திக்கொண்டது. நாலு காலும் ஒரே அளவு. விளிம்பின் ஏற்றத்தாழ்வு வெளியே தெரியாமல் சுற்றிலும் ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஒரு மரப்பட்டி அடித்தார். சவுக்கியைத் தரையில் வைத்து நாலு மூலையிலும் அழுத்தினார். சத்தமே இல்லை.

பிறை தெரிய இரண்டு நாள் இருக்கும்போது மூன்று பேருமாக அதை நயீம் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நயீமின் அம்மி அக்தரி பேகம் சுவரோரமாக வந்து நின்றார். சின்ன உருவம், பெரிய கண்கள். கதவுக்கு வெளியே எங்களுக்கு இடம் போட்டிருந்தது. வாசல் திரை பாதி விலகியிருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது.

முதலில் ஒரு கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும். பிறகு நயீமின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் உடம்பை அசைத்தார். அசையவில்லை. முகம் மலர்ந்தது. அப்புறம் அந்தக் கை தானாகப் பலகையின் ஓரத்துக்குப் போயிற்று. தோல் சீவுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய பெண்மணி. கனம் பார்க்காமல் அந்த விரல் சும்மா இருக்குமா? பட்டிக்குப் பின்னால் அடியில் விரலை விட்டார். ஒரு மூலை. பக்கத்து மூலை. மறுபடியும் முதல் மூலை.

"ஆசாரி" என்று கூப்பிட்டார், திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி. "இங்க விரலு உள்ள போவுது. அங்க போவல. உங்க கையில இப்படி வராதே?"

ஆசாரி எழுந்து நின்றார். "மரத்துல முறுக்கும்மா. என்னால அவ்ளோதான் முடிஞ்சிது."

பதினெட்டு வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. தன் வேலையைத் தானே மட்டம் என்று சொல்லிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்.

நயீமால் தாங்க முடியவில்லை. "இல்ல அம்மி, நான்தான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சாவி கொடுத்த என்னைக்கூட விடவில்லை.

அக்தரி பேகம் கேட்டுக்கொண்டே அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு.

"பொய் சொல்லத் தெரியல உங்களுக்கு" என்றார் ஆசாரியைப் பார்த்து. "கீழ தொட்டப்பவே தெரிஞ்சிது. இவங்க வாப்பா தோல் சீவினா இப்படித்தான் இருக்கும்." பிறகு மகன் தலையில் கை வைத்தார். "மேல ஆசாரி கை, கீழ உன் கை. நான் எதுக்குடா ஆடப்போறேன்?"

வெளியே பாங்கு சொன்னார்கள். எங்களைப் போகச் சொல்லவில்லை, திரையை மட்டும் இழுத்துவிட்டார்கள். நயீமும் வெளியே வர, நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். ஆசாரி தலையைச் சாய்த்து, காதைத் திரைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே அக்தரி பேகம் குனிந்து நிமிர்வதும், புடவை சரசரப்பதும் கேட்டது. சவுக்கி ஒரு தரம்கூடச் சத்தம் போடவில்லை. சுவரைத் தொடுகிற சத்தமும் இல்லை. தொழுகை முடிகிற வரைக்கும் ஆசாரி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.